சாக்பீஸ் தொட்ட பக்கம்

வாஷிங் மெஷின் துணி பிழியத் தொடங்கும் நேரத்தில் ஒருமுறை பக்கத்தில் நின்று கவனியுங்கள். டிரம் மெதுவாகச் சுழலத் தொடங்கும்போது பெரிய சத்தம் எதுவும் இராது. வேகம் கொஞ்சம் ஏறியதும் எந்திரம் முழுவதும் தடதடவென்று ஆடும். சில வீடுகளில் இருந்த இடத்தைவிட்டு நகர்ந்தே போகும். அடுத்த சில நொடிகளில் வேகம் இன்னும் பல மடங்கு ஏறிவிடும், ஆனால் ஆட்டம் அடங்கி ஒரே சீரான ரீங்காரம் மட்டும் கேட்கும். உள்ளே துணி ஒரு பக்கமாகக் குவிந்திருப்பது அப்படியேதான் இருக்கிறது. வேகம் கூடினால் இழுப்பும் கூட வேண்டும், கூடத்தான் செய்கிறது. அப்படியானால் ஆட்டம் ஏன் குறைந்தது?

இதற்குப் பள்ளிப் பாடத்தில் நாம் படித்த பதில் பாதிதான். ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் இயல்பு அதிர்வெண் உண்டு, வெளியிலிருந்து வரும் உந்தல் அதனோடு பொருந்தினால் ஒத்ததிர்வு, ஆட்டம் உச்சத்துக்குப் போகும், தாண்டினால் குறையும் என்று படித்தோம். ஆட்டத்தின் அளவைப் பற்றி இது சரிதான். ஆனால் அந்த உச்சத்தைத் தாண்டும்போது இன்னொன்றும் நடக்கிறது: உந்துவதற்கும் ஆடுவதற்கும் இடையே உள்ள நேரப் பொருத்தம் தலைகீழாகிவிடுகிறது. அது தெரியாமல் நான் ஒருமுறை ஒரு புளோயரைக் கெடுக்கப் பார்த்தேன். அந்தக் கதைக்கு முன், கையில் செய்து பார்க்க ஒரு சோதனை.

நாலைந்து ரப்பர் பேண்டுகளை ஒன்றோடொன்று கோத்து, கீழே ஒரு சாவிக்கொத்தைக் கட்டித் தொங்கவிடுங்கள். சாவியின் கனத்தால் ரப்பர் கால் மீட்டர் நீண்டால், அதன் இயல்பான ஆட்டம் ஏறத்தாழ நொடிக்கு ஒன்று. இப்போது கையை மிக மெதுவாக மேலும் கீழும் அசையுங்கள். சாவி கையோடு சேர்ந்தே ஏறும், சேர்ந்தே இறங்கும். அடுத்து, நொடிக்கு மூன்று நான்கு முறை வேகமாக அசையுங்கள். சாவி கொஞ்சம்தான் ஆடும், ஆனால் கை மேலே போகும்போது சாவி கீழே இறங்கும், கை இறங்கும்போது சாவி ஏறும். இரண்டுக்கும் நடுவே, நொடிக்கு ஒருமுறை அசைத்துப் பாருங்கள். கை கொஞ்சமே அசைந்தாலும் சாவி பெரிதாக எகிறும். அப்போது கை உச்சியில் இருக்கையில் சாவி உச்சியிலும் இராது, அடியிலும் இராது. நடுவழியில், மேல்நோக்கி விரைந்துகொண்டிருக்கும். கை உச்சியைத் தொட்டு, கால் பங்கு ஆட்டம் கழிந்த பிறகுதான் சாவி உச்சியைத் தொடும்.

சேர்ந்து போவது, கால் சுற்று பின்தங்குவது, அரைச் சுற்று பின்தங்கி எதிராகப் போவது: வெளியிலிருந்து ஆட்டப்படும் எந்தப் பொருளும் இந்த மூன்று நிலைகளையும் இதே வரிசையில் கடக்கிறது. இயற்பியலில் இதைக் கட்டப் பின்னடைவு என்கிறார்கள். ஒரு முழு ஆட்டத்தை 360 பாகை என்று வைத்தால், பின்னடைவு பூஜ்யத்தில் தொடங்கி, ஒத்ததிர்வில் 90 பாகையைக் கடந்து, 180 பாகையை நெருங்குகிறது.

ஏன் இப்படி? ஆட்டப்படும் பொருளிடம் உந்தலை எதிர்க்கும் மூன்று குணங்கள் உண்டு. ரப்பரின் விறைப்பு ஒன்று, சாவியின் கனம் இரண்டு, காற்றிலும் ரப்பரிலும் உள்ள உராய்வு மூன்று. மெதுவாக ஆட்டும்போது விறைப்புதான் எசமான். எந்தப் பக்கம் தள்ளுகிறோமோ அந்தப் பக்கம் நகரும், தள்ளுவதை விட்டால் திரும்பும். மிக வேகமாக ஆட்டும்போது விறைப்பு பொருட்டே இல்லை, கனம்தான் எல்லாம். தனித்து நிற்கும் கனத்தைத் தள்ளினால், தள்ளிய திசையில் அதன் வேகம்தான் மாறத் தொடங்கும், இடம் உடனே மாறாது. முன்னும் பின்னும் ஆடும் எதையும் எடுத்துக்கொள்ளுங்கள்: அது வலக்கோடியில் இருக்கும்போதுதான் இடப்பக்கமாக மிக வலுவாக இழுக்கப்படுகிறது. ஆகவே கனம் ஆளும் இடத்தில் உந்தல் இடப்பக்கம் இருக்கையில் பொருள் வலப்பக்கம் இருக்கும். எதிர்த்திசை ஆட்டம் அங்கிருந்துதான் வருகிறது.

ஒத்ததிர்வு என்பது விறைப்பும் கனமும் ஒன்றையொன்று சரிக்கட்டிவிடும் வேகம். அந்த இரண்டும் களத்தைவிட்டு விலகியதும் உந்தலுக்கு எதிரே மிஞ்சுவது உராய்வு மட்டும்தான். உராய்வு இடத்தைப் பார்ப்பதில்லை, வேகத்தை மட்டுமே பார்க்கிறது. எனவே அங்கே உந்தல் முழுவதும் வேகத்தின் திசையிலேயே விழுகிறது. போகும் பொருளைப் போகிற திசையிலேயே தள்ளுகிறது. ஊஞ்சலில் பிள்ளையை வைத்து ஆட்டும் அம்மாவின் கை இதைத்தான் செய்கிறது. பலகை தன்னைவிட்டு விலகி ஓடும்போது தள்ளுகிறது, வரும்போது தள்ளுவதில்லை. தள்ளலின் துளிகூட வீணாகாமல் சேர்ந்துகொண்டே போவதால்தான் ஒத்ததிர்வில் ஆட்டம் அவ்வளவு பெரிதாகிறது. 90 பாகைப் பின்னடைவும் பேராட்டமும் தற்செயலாகச் சேர்ந்து வந்தவை அல்ல. ஒரே காரணத்தின் இரண்டு முகங்கள் அவை.

இனி டிரம்முக்கு வருவோம். ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். ஸ்பிரிங்குகளில் தொங்கும் டிரம், மோட்டார், துணி எல்லாம் சேர்ந்து 40 கிலோ. ஈரத் துண்டு ஒன்று அரைக் கிலோ கனத்தோடு, நடு அச்சிலிருந்து 24 சென்டிமீட்டர் தள்ளி ஒட்டிக்கொண்டிருக்கிறது. மொத்தத்தின் நிறை மையம் டிரம்மின் நடு அச்சைவிட்டு 3 மில்லிமீட்டர் விலகியிருக்கும். தொங்கலின் இயல்பான ஆட்டம் நிமிடத்துக்கு 200 என்று கொள்வோம். இங்கே உந்துவது கையல்ல, அந்தத் துண்டின் இழுப்பு. அது டிரம்மோடு சேர்ந்தே சுற்றி வருகிறது. ஆகவே பின்னடைவும் சுற்று வடிவில் தெரியும்: டிரம் எந்தப் பக்கம் வெளியே தள்ளி நிற்கிறதோ அந்தப் பக்கம், கனமான பக்கத்துக்கு எவ்வளவு பின்னால் இருக்கிறது என்பதுதான் அது.

நிமிடத்துக்கு 60 சுற்றில் டிரம் விலகுவது 0.3 மில்லிமீட்டர், கனமான பக்கமே வெளியே தள்ளி நிற்கும். 200 சுற்றில், வழக்கமான அளவுக்கு உராய்வுத் தண்டுகள் இருந்தால், விலகல் 15 மில்லிமீட்டர். அப்போது கனமான பக்கம் முன்னே ஓட, வெளியே தள்ளிய பக்கம் கால் சுற்று பின்னால் வரும். 1000 சுற்றில் விலகல் 3 மில்லிமீட்டரைச் சற்றே தாண்டி நிற்கும். இப்போது வெளியே தள்ளி நிற்பது துண்டு இல்லாத பக்கம், அதாவது இலேசான பக்கம்.

இந்த 3 மில்லிமீட்டர் முன்பு சொன்ன அதே 3 மில்லிமீட்டர்தான். மிக வேகத்தில் டிரம் தன் நடு அச்சில் சுற்றுவதை விட்டுவிட்டு, துண்டையும் சேர்த்துக் கணக்கிட்ட நிறை மையத்தைச் சுற்றத் தொடங்கிவிடுகிறது. நிறை மையம் அசையாமல் நிற்க, டிரம்மின் நடுப்புள்ளி அதைச் சுற்றி 3 மில்லிமீட்டர் வட்டம் போடுகிறது. அதற்கு மேல் வேகம் எவ்வளவு கூட்டினாலும் வட்டம் பெருகாது. ஆட்டம் அடங்கிய இரகசியம் இதுதான்.

மேலே மூடி திறக்கும் எந்திரங்களில் டிரம்மின் மேல் விளிம்பில் தடித்த பிளாஸ்டிக் வளையம் ஒன்று இருக்கும். கையால் டிரம்மை ஆட்டினால் அதற்குள் தண்ணீர் அலம்பும் சத்தம் கேட்கும். அது உப்புநீர். சுழலும்போது நீர் எப்போதும் அச்சிலிருந்து அதிகம் தள்ளி நிற்கும் பக்கத்துக்கே ஓடும். ஒத்ததிர்வுக்கு மேலான வேகத்தில் அப்படித் தள்ளி நிற்பது இலேசான பக்கம் அல்லவா? ஆகவே நீர் தானாகவே இலேசான பக்கத்தில் சேர்ந்து கனத்தைச் சமன் செய்துவிடுகிறது. மோட்டார் இல்லை, கணினி இல்லை, அரைச் சுற்றுப் பின்னடைவு ஒன்றே போதுகிறது. ஒத்ததிர்வுக்குக் கீழான வேகத்தில் இதே நீர் கனமான பக்கத்தில் போய்ச் சேர்ந்து ஆட்டத்தைக் கூட்டும். அதனால்தான் அந்த வேகத்தில் தங்காமல் எந்திரம் விரைந்து கடக்கிறது.

இவ்வளவு எளிதாகச் சொல்லிவிட்ட இந்த விஷயம் ஒரு காலத்தில் நடக்கவே நடக்காது என்று கருதப்பட்டது. 1869-ல் ஸ்காட்லாந்தின் பெரிய பொறியாளர் ராங்கின், சுழலும் தண்டுகளுக்கு ஒரு எல்லை வேகம் உண்டு, அதற்கு மேல் தண்டு நிலைகொள்ளாது என்று எழுதினார். தண்டு வெளிப்பக்கமாக வளைவதை மட்டும் அவர் கணக்கில் எடுத்தார். சுழலும் தண்டு பக்கவாட்டிலும் ஒதுங்கும், அந்த ஒதுங்கல்தான் அதை எதிர்ப்பக்கத்துக்குக் கொண்டுபோய் நிலைநிறுத்துகிறது என்பது கணக்கில் விடுபட்டுப் போயிற்று. ராங்கினின் பெயருக்கு இருந்த மதிப்பால், எல்லைக்கு மேலே போவதைப் பற்றி நினைக்கவே பலரும் தயங்கினார்கள்.

ஸ்வீடனைச் சேர்ந்த குஸ்தாவ் தெ லவால் தயங்கவில்லை. 1880களின் இறுதியில் அவர் உருவாக்கிய சின்ன நீராவி டர்பைன் நிமிடத்துக்கு 30,000 சுற்று வரை போகக்கூடியது. அந்த வேகத்துக்குப் போதுமான விறைப்போடு தடித்த தண்டைப் போடுவதற்குப் பதிலாக, அவர் மெல்லிய, வளையும் தண்டைப் போட்டார். அதன் ஒத்ததிர்வு வேகம் மிகக் கீழே விழுந்துவிடும். அதைச் சட்டென்று தாண்டியதும் சக்கரம் தன் நிறை மையத்தைத் தானே கண்டுபிடித்து அமைதியாக ஓடியது. இது ஏன் நிலைகொள்கிறது என்பதை 1895-ல் ஜெர்மனியின் ஃபாப்பல் கணக்காகக் காட்டினார். 1919-ல் டப்ளினில் பணியாற்றிய ஜெஃப்காட் உராய்வையும் சேர்த்து, ஒவ்வொரு வேகத்திலும் கனமான பக்கத்துக்கும் வெளியே தள்ளிய பக்கத்துக்கும் இடையிலான கோணம் எவ்வளவு என்று முழுதாக எழுதிவைத்தார். இன்று சுழல் எந்திரப் பாடம் படிக்கும் எல்லோரும் முதலில் தொடங்குவது அவர் பெயர் தாங்கிய எளிய தண்டிலிருந்துதான்.

இப்போது என் புளோயர். கோவைப் பக்கம் ஒரு பட்டறையில் வேலை பழகிய நாள்களில், ஒரு மில்லின் காற்றூதியைச் சமன் செய்யப் போயிருந்தோம். நிமிடத்துக்கு 1450 சுற்று. முழு எந்திரமும் ஸ்பிரிங்குகள் மேல் உட்கார்ந்திருந்தது. தன் கனத்தால் ஸ்பிரிங்குகளை ஒரு அங்குலம் அழுத்தியிருந்தது. பழைய முறை இது: தரையில் ஊன்றிய கட்டையில் கையை அண்டக்கொடுத்து, சுழலும் ஷாஃப்டின் அருகே சாக்பீஸை மெல்ல மெல்லக் கொண்டுபோக வேண்டும். ஷாஃப்ட் எந்தப் பக்கம் வெளியே தள்ளுகிறதோ அங்கே மட்டும் வெள்ளைக் கோடு விழும். கோடு விழுந்ததைப் பார்த்ததும், கனம் அங்கேதான் இருக்கிறது என்று முடிவு செய்து, நேர் எதிர்ப்பக்கத்தில் ஒரு சின்ன இரும்புத் துண்டை வைத்துப் பற்றவைத்தேன். ஓடவிட்டால் அதிர்வு கூடிவிட்டது. துண்டு சின்னதோ என்று நினைத்துப் பெரிய துண்டை எடுத்தேன். மூத்த ஃபிட்டர் கையைப் பிடித்துக்கொண்டார்.

“தம்பி, சாக்பீஸ் பொய் சொல்லலை. ஷாஃப்ட் எந்தப் பக்கம் வெளியே வருதுன்னு நீ கேட்ட, அது சொல்லிருச்சு. கனம் எங்க இருக்குன்னு நீ கேக்கவே இல்லையே” என்றார்.

ஒரு அங்குலம் அழுந்தும் ஸ்பிரிங் மேல் உட்கார்ந்த எந்திரத்தின் இயல்பான ஆட்டம் நிமிடத்துக்கு 190 அளவில்தான் இருக்கும். 1450 என்பது அதைவிட ஏழு மடங்குக்கும் மேல். பின்னடைவு முழு அரைச் சுற்றை எட்டிவிட்டது. சாக்பீஸ் தொட்டது இலேசான பக்கம். அதற்கு எதிரே நான் பற்றவைத்த துண்டு கனத்தோடு கனமாகப் போய்ச் சேர்ந்திருந்தது. தரையில் இறுக்கமாகப் போல்ட் செய்த எந்திரமாக இருந்திருந்தால் நான் செய்தது சரியாகவே இருந்திருக்கும்.

கோடியில் உள்ள இந்த இரண்டு நிலைகளிலும் ஊகித்தாவது தப்பிக்கலாம். ஒத்ததிர்வுக்கு அருகில் ஓடும் எந்திரம்தான் கொடுமை. முன்பு சொன்ன டிரம்மையே எடுத்துக்கொண்டால், ஒத்ததிர்வு வேகத்தில் 90 சதவீதத்தில் பின்னடைவு 43 பாகை, 110 சதவீதத்தில் 134 பாகை. உராய்வு அதில் பத்தில் ஒரு பங்காகக் குறைந்தால் இந்தத் திருப்பம் மிகக் குறுகிய இடைவெளியில் நடந்துமுடிந்துவிடும்: 99 சதவீதத்தில் 45 பாகை, 101 சதவீதத்தில் 135. வேகம் இரண்டு சதவீதம் மாறினால் சாக்பீஸ் கோடு கால் சுற்று நகர்ந்துவிடுகிறது. மின்னழுத்தம் கொஞ்சம் ஏறி இறங்கினாலே காலையில் எடுத்த கோடும் மாலையில் எடுத்த கோடும் பொருந்தாமல் போகும்.

இதற்கு ஃபிட்டர் காட்டிய வழி மிக அழகானது. பின்னடைவு எவ்வளவு என்று தெரியவே வேண்டாம். தெரிந்த கனம் ஒன்றை வைத்து அதை எந்திரத்திடமே கேட்டுவிடலாம். முதல் ஓட்டத்தில் அதிர்வு 40 மைக்ரான் என்றும், அதன் திசை வடக்கு என்றும் வைத்துக்கொள்வோம். திசை என்றால் ஷாஃப்டில் வரைந்த ஓர் அடையாளத்திலிருந்து எண்ணிய கோணம். காகிதத்தில் எளிதாக இருக்க வடக்கு, கிழக்கு என்கிறேன். வடக்கே 4 சென்டிமீட்டர் கோடு போடுங்கள். எந்திரத்தை நிறுத்தி, விசிறியில் ஓரிடத்தில் 30 கிராம் வைத்து, அதே வேகத்தில் மறுபடி ஓட்டுங்கள். இப்போது 50 மைக்ரான், திசை வடக்கிலிருந்து கிழக்குப் பக்கமாக 37 பாகை. அதே புள்ளியிலிருந்து அந்தத் திசையில் 5 சென்டிமீட்டர் கோடு. முதல் கோட்டின் நுனியிலிருந்து இரண்டாவதின் நுனிக்கு ஒரு கோடு இழுத்தால் அது நேர் கிழக்கே 3 சென்டிமீட்டர் வரும். 30 கிராம் தனியாக உண்டாக்கிய மாற்றம் அதுதான்.

நமக்கு வேண்டியது வடக்கே உள்ள 4-ஐ அழிக்கத் தெற்கே 4. கிழக்கிலிருந்து தெற்கு கால் சுற்று, கடிகார முள் போகும் திசையில். ஆகவே எடையைக் கோணம் எண்ணிய அதே முறையில் கால் சுற்று நகர்த்தி, 30 கிராமை 40 ஆக்க வேண்டும், அவ்வளவுதான். சோதனை எடைக்கும் பழைய கனத்துக்கும் எந்திரம் ஒரே பின்னடைவைத்தான் தருகிறது என்பதால், அந்தத் தெரியாத கோணம் கணக்கிலிருந்து தானாகக் கழிந்துவிடுகிறது. இரண்டு ஓட்டங்களும் ஒரே வேகத்தில் இருக்க வேண்டும் என்பது மட்டும் கட்டாயம். நீளமான ரோட்டரில் இரண்டு முனைகளிலும் இதைச் செய்ய வேண்டும்.

பெரிய எந்திரங்களில் சாக்பீஸின் இடத்தில் உணர்விகள் இருக்கின்றன. நெய்வேலியிலும் மேட்டூரிலும் மின்சாரம் தரும் டர்பைன்கள் நிமிடத்துக்கு 3000 சுற்றில் ஓடுகின்றன. இந்த அளவு நீளமான ரோட்டர்கள் அந்த வேகத்துக்கு வரும் முன்னரே ஒத்ததிர்வைக் கடந்துவிடுகின்றன. எந்திரத்தை நிறுத்தும்போது வேகம் தானாக இறங்க, அதிர்வின் அளவையும் கோணத்தையும் சேர்த்தே பதிவுசெய்கிறார்கள். ஒரு வேகத்தில் அளவு உச்சம் தொட்டு, அதே இடத்தில் கோணமும் ஏறத்தாழ அரைச் சுற்று திரும்பினால் அது ஒத்ததிர்வு. அளவு உயர்ந்தும் கோணம் அசையாமல் நின்றால் காரணத்தை வேறெங்காவது தேட வேண்டும். அளவை மட்டும் பார்ப்பவருக்கு இந்த இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். நடைமுறையில் தாங்கிகளின் விறைப்பு குறுக்குவாட்டில் ஒன்றும் நெடுக்குவாட்டில் ஒன்றுமாக இருப்பதால், பக்கத்துப் பக்கத்தில் இரண்டு உச்சங்கள் தென்படுவதும் உண்டு.

சாக்பீஸ் விஷயம் மிக ஆபத்தாக மாறும் இடம் ஒன்று இருக்கிறது. சுழலும் தண்டு எங்காவது ஒரு சீல் மீது இலேசாக உரசுகிறது என்று வையுங்கள். உரசுவது வெளியே தள்ளி நிற்கும் பக்கம் மட்டுமே, சாக்பீஸ் தொட்ட அதே பக்கம். ஒவ்வொரு சுற்றிலும் அதே இடம் உரசிச் சூடேறும். சூடேறிய பக்கம் நீளும், தண்டு அந்தப் பக்கமாகவே வளையும். அமெரிக்கப் பொறியாளர் நியூகர்க் 1926-ல் விளக்கிய விளைவு இது.

ஒத்ததிர்வுக்கு மேலே ஓடும்போது அந்த வளைவு இலேசான பக்கமாக விழுவதால் கனத்துக்கு எதிராக நின்று அதிர்வைக் குறைக்கும். உரசல் தானாக விடுபட வாய்ப்புண்டு. ஒத்ததிர்வுக்குக் கீழே அதே வளைவு கனமான பக்கமாகவே விழும். அதிர்வு கூடும், உரசல் இறுகும், சூடு ஏறும், வளைவு இன்னும் கூடும். கொஞ்ச நேரம் ஓடினால் சரியாகிவிடும் என்று காத்திருந்தால் தண்டு நிரந்தரமாகக் கோணிப்போகும். அங்கே அதே வேகத்தில் வைத்திருக்கவும் கூடாது, வளைந்த தண்டோடு ஒத்ததிர்வைத் தாண்டிவிடலாம் என்று வேகத்தைக் கூட்டவும் கூடாது. உடனே வேகத்தைக் குறைத்து, டர்பைனை மிக மெதுவாகத் திருப்பும் கியரில் போட்டு, சூடு எல்லாப் பக்கமும் பரவித் தண்டு நேராகும் வரை மணிக்கணக்கில் சுற்றவிட வேண்டும்.